புகை அடங்கிய கரி

கோட்டுக்காரர் கரியை ஒருபோதும் அவசரப்படுத்தமாட்டார்.

காலையில் கடை வாசலில், அடியில் ஓட்டை போட்ட தகர வாளியில் கரியைக் கொட்டிப் பற்றவைப்பார். முதலில் புகை கிளம்பும். புகை இருக்கும்வரை அந்தக் கரி துணிப்பக்கம் வரக் கூடாது. வெள்ளைச் சட்டையில் புகை ஏறினால் அந்த வாடிக்கையாளர் அடுத்த வாரம் வேறு கடைக்குப் போய்விடுவார். அதனால் காத்திருப்பார். புகை மெலிந்து, அடங்கி, கரி முழுக்கச் சிவந்து, மேலே சாம்பல் மெல்லிசாகப் பூத்த பிறகுதான் இடுக்கியால் எடுத்து இஸ்திரிப்பெட்டிக்குள் போடுவார். "இப்பதான் இது சுத்தமான கரி" என்பார். முப்பத்தோரு வருடம் தினமும் சொன்ன வாக்கியம் அது.

அவர் கால்சட்டையில் போடும் மடிப்புக்கோடு மூன்று நாள் உட்கார்ந்து எழுந்தாலும் கலையாது. அதனால் கோட்டுக்காரர். ஏழு கிலோ பெட்டி. மின்சாரப் பெட்டி வாங்கச் சொன்னால், "அது துணியைத் தடவிக் குடுக்கும். இது சொன்னபடி கேக்க வைக்கும்" என்பார். மனைவி போய்ப் பதினோரு வருடம். விதவையான தங்கை கூட இருந்து துணி மடிப்பாள், மூட்டை கட்டுவாள், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரே மகள் ஊரின் மறுகோடியில் ஒரு சாய ஆலையில் வேலை பார்த்தாள். கொதிகலன் அறையில் இருக்கும் விஷவாயு மானிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. இதை அவர் வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போது, "என் பொண்ணு காத்துக்கே பரீட்சை வைப்பா" என்று சொல்வார்.

முப்பத்தோரு வருடமும் கடை என்பது நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி, மேலே ஒரு தார்ப்பாய். நாலு பக்கமும் திறந்த வெளி. அந்த வருடம் சாலையை அகலப்படுத்தினார்கள். வண்டிகளை எடுக்கச் சொன்னார்கள். எதிர் வரிசையில், பஞ்சர் கடைக்கு நேரெதிரே, ஓர் அறை கிடைத்தது. பத்தடிக்கு எட்டடி. முன்னால் இரும்பு ஷட்டர். பின்சுவரில் கூரையை ஒட்டி ஒரு சாண் அகலக் காற்றுத்துளை. அவ்வளவுதான். அவருக்கு அது அரண்மனை. முதல் நாள் நாலு சுவரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார் என்று தங்கை சொன்னாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு லாரி வேகமாகப் போனதில், தேய்த்து அடுக்கிய பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகள் மீது சேற்றுத் தண்ணீர் அடித்தது. எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. காற்று மாறி மழை உள்ளே அடிக்கவும், தரைவரைக்கும் இறங்கியது. காற்றுத்துளை வழியாக அலமாரியில் சொட்டியதால் அதில் ஒரு சாக்கைத் திணித்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டினார். வந்த துணியெல்லாம் ஈரமாகவே வந்தது. கொடியைக் குறுக்கே கட்டி, அடியில் ஓர் இரும்புச் சட்டியில் மீதிக் கரியைப் போட்டு வைத்தார். துணியும் காய்ந்தது, குளிருக்கும் இதமாக இருந்தது. புகை அடங்கிய கரிதான். சுத்தமான கரி.

மகள் தினமும் பதினோரு மணிக்கு, தேநீர் இடைவேளையில், போன் செய்வாள். அவர் போனை அலமாரியில் வைத்து, பெட்டியை இழுத்துக்கொண்டே பேசுவார்.

"தலை ஒரு மாதிரி இறுக்குதும்மா. நெத்தியைச் சுத்தித் துணியைக் கட்டி முறுக்கின மாதிரி."

"கண்ணாடி மாத்தி எத்தனை வருஷம் ஆச்சுப்பா?"

"கோடு நேராத்தானே விழுது? அப்புறம் கண்ணுக்கு என்ன குறை?"

இது திங்கட்கிழமை. புதன்கிழமை சொன்னார்: "உன் அத்தைக்கும் தலைவலியாம். நான் சொன்னதைக் கேட்டு ஒட்டிக்கிச்சு."

பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஆமா, இவர் நாள் முழுக்கப் புலம்புறதுக்கு அந்தச் சுவத்துக்கே தலைவலி வரும்."

மகள் சிரித்தாள். அவளுக்கு அன்று ஒரு மானி சரியாக வரவில்லை, அவசரம்.

வெள்ளிக்கிழமை அவரே ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். "இன்னிக்கு நான் போய் ரெண்டு மூட்டை குடுத்துட்டு வந்தேன். அரை மணி நேரம் நடந்ததும் தலைவலி ஓடிப்போச்சு. வந்து பெட்டியைப் பிடிச்சா திரும்ப ஆரம்பிக்குது. வேலை பண்றதுக்கு உடம்பு வணங்கலையோ என்னமோ."

"ஞாயித்துக்கிழமை எப்படி இருந்துச்சு?"

"ஞாயித்துக்கிழமை ஒண்ணுமே இல்லையே. கடை லீவுன்னா தலைக்கும் லீவு."

"வெறும் வயித்துல டீ குடிக்காதப்பா. பித்தமா இருக்கும்."

அப்படித்தான் சொன்னாள். அப்பா சரி என்றார். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை சாப்பிட்டதை வாந்தி எடுத்தார். நாளுக்கு இரண்டு தலைவலி மாத்திரை மூன்றாயிற்று. ஒரு சட்டையின் கையைத் தீய்த்துவிட்டார். முப்பத்தோரு வருடத்தில் அது நாலாவது. அதைப் பற்றி மட்டும் நிறையப் பேசினார்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணி. ஆலையில் புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்கு மகள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். கொதிகலன் அறைச் சுவரில் அவளே ஒட்டிய எச்சரிக்கைத் தாள் இருந்தது. அதைப் பார்க்காமலே சொல்லுவாள். நூறு தடவை சொன்னது.

"கார்பன் மோனாக்ஸைடு. கரியோ எரிவாயுவோ போதுமான காத்து இல்லாம எரிஞ்சா வரும். முதல்ல தலைவலி. அப்புறம் குமட்டல், தலைசுத்தல், கால் துவளும். காய்ச்சல் இருக்காது."

"வாசனை வருமாக்கா?" என்றான் ஒருவன்.

"வராது. நிறமும் கிடையாது, கண்ணும் எரியாது. புகை இல்லைன்னா பயமில்லைன்னு நெனைக்காதீங்க. தணலாக் கனியற கரியில புகையே இருக்காது, இது மட்டும் வந்துட்டே இருக்கும். எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னா, ஒரே அறையில இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலை வலிக்கும். வெளிய போனா சரியாகும். உள்ள வந்தா திரும்ப…"

நிறுத்தினாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அவள் போனை எடுத்துவிட்டாள்.

போன் பத்து முறை அடித்த பிறகுதான் அப்பா எடுத்தார்.

"அப்பா."

"ம்."

"அப்பா, ஷட்டர் திறந்திருக்கா?"

"மழை… மழைம்மா."

"ஷட்டரைத் தூக்கு. இப்பவே. பேசிக்கிட்டே தூக்கு."

"வெள்ளைத்துணி இருக்கு." நாக்கு தடித்த மாதிரி இருந்தது குரல். "நாளைக்கு… அந்தக் கல்யாண வீட்டுத்துணி."

"துணி போனா போகட்டும். அத்தை எங்க?"

"இவளா? தூங்கறா. வேலை நேரத்துல தூங்கறா பாரு."

அத்தை பகலில் தூங்கிப் பார்த்தவர் கிடையாது.

"அப்பா, கரியில இருந்து விஷவாயு வருது. அதான் தலைவலி. நான் சொல்றதைக் கேளு. ஷட்டரைத் தூக்கிட்டு வெளிய வா. அத்தையை இழுத்துட்டு வா."

"புகையெல்லாம் அடங்கினதும்மா இது." பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "சுத்தமான கரி. கரியைப் பத்தி எனக்குச் சொல்றியா நீ?"

"எழுந்திருப்பா! நிக்கிறியா உக்காந்திருக்கியா?"

"கால்… கால் சொன்ன பேச்சு கேக்கலை இன்னிக்கு."

இடுக்கி மாதிரி ஏதோ தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன் துண்டிக்கப்படவில்லை. யாரும் பேசவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

ஆலையிலிருந்து கடைக்கு இருபத்தைந்து நிமிடம். மழையில் முப்பத்தைந்து. மேற்பார்வையாளரின் போனைப் பிடுங்கி, எதிர்க்கடை பஞ்சர் அண்ணனைக் கூப்பிட்டாள். நல்லவேளை, அவர் கடைப் பெயர்ப்பலகையில் இருந்த எண்ணை அவள் சின்ன வயதிலிருந்தே மனப்பாடமாக வைத்திருந்தாள்.

"அண்ணே, நான் கோட்டுக்காரர் பொண்ணு. அப்பா கடை ஷட்டரைத் தூக்குங்க, உடனே."

"ஏம்மா, உள்ளதான் இருக்காரு. லைட்டு எரியுது. மழைக்குக் கொஞ்சம் கண்ணசந்திருப்பாரு. மனுஷன் ஒருநாள் தூங்கினா பொறுக்கலையா உனக்கு?"

"தூங்கலைண்ணே, மயங்கிக் கிடக்காங்க. கரி வாயு. நீங்க நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் போயிட்டிருக்கு."

அவர் குரல் மாறியது. "சொல்லு. என்ன பண்ணணும்?"

"உள்பக்கத் தாழ் போட்டிருப்பாரு. டயர் கழட்டுற கம்பியைக் கொண்டு போங்க. ஷட்டரை முழுசாத் தூக்கி வைங்க. தூக்கினதும் உள்ள ஓடாதீங்க, ரெண்டு நிமிஷம் காத்து போகட்டும்னு சொல்லணும், ஆனா நேரமில்லை. மூச்சை வெளியிலயே நல்லா இழுத்துப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. ஒரே ஆளை இழுத்துட்டு வெளிய வாங்க. வெளிய மூச்சு விடுங்க. அப்புறம் அடுத்த ஆள். உள்ள நின்னு தண்ணி தெளிச்சு எழுப்பிட்டு இருக்காதீங்க. கரியைத் தொடவேண்டாம். பக்கத்துல ஒருத்தரை ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லுங்க."

"யாரை முதல்ல?"

"வாசல்கிட்ட யார் கிடக்காங்களோ அவங்களை" என்றாள்.

ஆலையின் ஜீப்பில் ஏறினாள். ஓட்டுநர் ஒன்றும் கேட்கவில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். போனில் அவள் காதில் விழுந்தது எல்லாம் சத்தம்தான். கம்பி இரும்பில் உராயும் சத்தம். "தூக்குடா, தூக்கு!" யாரோ ஒரு பெண் கத்தினாள். தாழ் உடையும் சத்தம். ஷட்டர் உருளும் சத்தம். பிறகு ஓட்டமாக ஓடும் காலடி. இருமல். "அக்காவை எடுத்தாச்சு." மழை. மறுபடி ஓட்டம். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. அவள் ஜீப்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். பதினெட்டு வரை எண்ணினாள்.

"எடுத்தாச்சும்மா. மேசைக்குப் பின்னாடி விழுந்திருந்தாரு. மூச்சு இருக்கு."

"முகத்துல துணி எதுவும் போடாதீங்க. மழையில நனைஞ்சாலும் பரவாயில்லை, வெளியவே வைங்க."

அவள் இறங்கியபோது ஆம்புலன்ஸ் அவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது. ஷட்டர் திறந்து இருபது நிமிடமாகியிருந்தது. சட்டைப்பையில் மாட்டியிருந்த மானி, வாசலில் கால் வைத்ததுமே அலறியது. அறைக்குள் சட்டியில் கரி இன்னும் சிவப்பாக, ஒரு நூல் புகைகூட இல்லாமல் கனிந்துகொண்டிருந்தது. மேசையில் ஏழு கிலோ பெட்டி ஒரு வெள்ளைச் சட்டையைத் தீய்த்து அதற்கடியில் இருந்த கம்பளிக்கும் இறங்கியிருந்தது. பஞ்சர் அண்ணன் நடைபாதையில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்கும் லேசா வலிக்குதும்மா" என்றார், ஏதோ குற்றம் செய்துவிட்டவர்போல. அவரையும் வண்டியில் ஏறச் சொன்னாள்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவு டாக்டர் இளம்வயதுக்காரர். அப்பாவின் விரல் நுனியில் கிளிப்பை மாட்டினார். தொண்ணூற்றொன்பது காட்டியது.

"ஆக்சிஜன் நல்லா இருக்கும்மா. பெரியவருக்கு மூளையில ரத்தக்குழாய் பிரச்சினையா இருக்கலாம். ஸ்கேன் எடுப்போம்."

"அந்தக் கிளிப்பை நம்பாதீங்க டாக்டர். ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்தாலும், கார்பன் மோனாக்ஸைடைச் சுமந்தாலும் அதுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ரெண்டையும் சேர்த்து ஆக்சிஜன்னு எண்ணிக்கும். மூடின அறையில கரி. ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்திருக்காங்க. ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு மூளையில ரத்தக்குழாய் அடைக்குமா?"

அவர் ஒரு வினாடி அவளைப் பார்த்தார். அவள் சட்டைப்பையில் தொங்கிய மானியைப் பார்த்தார். முகம் சுருங்கவில்லை. அந்த டாக்டரை அவள் அதற்காகவே மறக்கமாட்டாள்.

"நர்ஸ், பை வச்ச மாஸ்க் ரெண்டு. முழு அளவு ஆக்சிஜன். ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ரத்தத்தை உடனே லேபுக்கு. ஈசிஜி."

முடிவு அரை மணி நேரத்தில் வந்தது. பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் அந்த வாயு நூற்றுக்கு ஒன்று, இரண்டுதான் இருக்கும். அத்தைக்கு இருபத்திரண்டு. அப்பாவுக்கு முப்பத்தொன்பது. மூட்டை கொடுக்க அத்தை காலையில் மூன்று தடவை வெளியே போய் வந்திருந்தாள், மழையைத் திட்டிக்கொண்டே. அந்த மூன்று நடைதான் அவளைக் காப்பாற்றியது. அவரோ பெட்டிக்கு மேலே முகத்தைக் கவிழ்த்து, ஏழு கிலோவை இழுத்து இழுத்து, மூச்சு வாங்க வாங்க அதைக் குடித்திருந்தார்.

சாயங்காலம் அத்தை கண் விழித்து, "யாருடி என் செருப்பை எடுத்தது?" என்று கேட்டாள். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

அப்பாவும் கண் திறந்தார். அன்று ராத்திரி ஒரு தடவை, மறுநாள் மூன்று தடவை. மகளை அடையாளம் தெரிந்தது. முகமூடிக்குள் ஏதோ சொன்னார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"அந்தச் சட்டை… தீஞ்சதா?"

"இல்லப்பா. நல்லா இருக்கு."

நம்பவில்லை என்பது அவர் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் கையைத் தட்டிக்கொடுத்தார்.

ரத்தத்திலிருந்து வாயு வெளியேறிவிட்டது. இரண்டாம் நாள் சோதனையில் ஒன்றுமே இல்லை. இதயம்தான் தாங்கவில்லை. ஆக்சிஜன் இல்லாமல் உழைத்த இதயத்தில் ஒரு பகுதி அடிவாங்கியிருந்தது. ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு இருந்த ஆள். மூன்றாம் நாள் காலை ஆறே காலுக்கு, படுக்கைக்கு மேலே இருந்த திரையில் கோடு தாறுமாறாகத் துள்ளியது. டாக்டர்கள் ஓடிவந்தார்கள். நாற்பது நிமிடம் போராடினார்கள்.

பிறகு அந்த இளம் டாக்டர் வெளியே வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன மாசம்கூட ஒருத்தர் தலைவலின்னு வந்தாரு. அறையில கரிச் சட்டி ஏதாவது எரிஞ்சுதான்னு நான் கேக்கவே இல்லை. தலைவலி மாத்திரை குடுத்து அனுப்பினேன்" என்றார். பிறகு, "இனிமே கேப்பேன்" என்றார்.

அத்தையிடம் சொல்லும் பொறுப்பு மகளுடையது. பொது வார்டில் சன்னலோரப் படுக்கை. அத்தைக்குத் தலைவலி இன்னும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. சில வாரம் மறதியோ தடுமாற்றமோ வந்தால் உடனே கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள்.

அத்தை அழுதாள். நீண்ட நேரம், சத்தமில்லாமல், தலையணை உறையின் ஓரத்தை விரலால் மடித்து நீவிக்கொண்டே அழுதாள். பிறகு கேட்டாள்.

"போன்லயே நீதான் கண்டுபிடிச்சியாமே?"

"ஆமா அத்தை."

"போன வாரமே கண்டுபிடிச்சிருக்க முடியாதா?"

குற்றஞ்சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மகளுக்கு எத்தனையோ பதில்கள் கையிலிருந்தன. யாருக்கும் தோன்றாது, மழைக்காலத்தில் எல்லோருக்கும்தான் தலைவலி, அப்பா ஷட்டரை மூடியதைச் சொல்லவில்லை. எல்லாமே ஓரளவு உண்மை.

"முடிஞ்சிருக்கும்" என்றாள். "தலையை இறுக்குதுன்னாரு. உங்களுக்கும் வலிக்குதுன்னாரு. வெளிய போனா சரியாகுதுன்னாரு. ஞாயித்துக்கிழமை இல்லைன்னாரு. எல்லாத்தையும் அவரே சொல்லிட்டாரு அத்தை. நான்தான் கேக்கலை."

அத்தை அவளையே பார்த்தாள். மூக்கைச் சேலை முனையால் துடைத்தாள்.

"நம்ம சொந்தத்துல இன்னும் ரெண்டு பேரு இதே வேலை பாக்கறாங்க, தெரியுமில்ல உனக்கு. உன் பெரியப்பா மருமகன், அப்புறம் ரயில் நிலையத்துக்குப் பின்னாடி அந்தக் குண்டுப் பையன். ரெண்டு பேருமே மழைக்கு உள்ளாற போயிட்டானுங்க."

"அவங்களும் ஷட்டரை மூடித்தான் வேலை பாக்கறாங்களா?"

"மூடாம? துணி கெட்டுப்போகுமே." சொல்லிவிட்டு அத்தை தான் சொன்னதையே கேட்ட மாதிரி நிறுத்தினாள். பிறகு கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கினாள். "போனை எடுடி. இல்ல, போன்ல சொன்னா நம்பமாட்டானுங்க, கரியைப் பத்தி எங்களுக்கே சொல்றியான்னு கேப்பானுங்க. நேரா போ. காத்துல விஷம்னா கத்துற உன் பொட்டியை எடுத்துட்டுப் போ. அங்க வச்சுக் காட்டு."

"இன்னிக்கா? அப்பாவை…"

"உங்கப்பாவை நான் பாத்துக்கறேன். காரியத்துக்கு ஆளுங்க வர மத்தியானம் ஆகும்." செருப்பைக் காலால் தேடினாள். "இப்ப பத்து மணிதான் ஆகுது. அவனுங்க பெட்டியைப் பிடிக்கிற நேரம். போடி."

மகள் எழுந்தாள். வெளியே மழை விட்டிருக்கவில்லை. ஆட்டோக்காரரிடம் முதலில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் போகச் சொன்னாள். அந்தத் தெருமுனையில் திரும்பியபோது கண்ணில் பட்டது, தரைவரை இறக்கிய ஒரு ஷட்டர், அதன் அடிவிளிம்பில் மெல்லிய மஞ்சள் வெளிச்சம். ஆட்டோ நிற்பதற்கு முன்பே இறங்கி ஓடினாள். இரண்டு உள்ளங்கையாலும் தகரத்தை அறைந்தாள்.

"யாருங்க? மழை விடட்டும், அப்புறம் வாங்க" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். தெளிவான, எரிச்சலான, உயிருள்ள குரல்.

"திற" என்றாள். "கோட்டுக்காரர் பொண்ணு. முதல்ல திற, அப்புறம் திட்டு."